வரவு எந்தக் கணக்கில்?

கேள்வி: கட்டண விசாரணைகளைக் கவனிக்கும் கால் சென்டர் ஒன்றில் குழுத் தலைவராக இருக்கிறேன். பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் ஆங்கில ஸ்கிரிப்டைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. மரியாதைச் சொல் ஒன்றைக்கூட விடாமல் மொழிபெயர்த்தோம். வேறொருவரைக் கொண்டு திரும்பவும் ஆங்கிலமாக்கிப் பார்த்தோம். மூலத்தோடு அப்படியே ஒத்துப்போனது. ஆனால் தமிழில் பேசும் வாடிக்கையாளர்கள் பாதியிலேயே எரிச்சலடைகிறார்கள், அதே பில்லுக்காக மறுபடியும் அழைக்கிறார்கள். மாதிரி அழைப்பு ஒன்றின் ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன். இன்னும் பணிவாக எழுத வேண்டுமோ?

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் மட்டும் 'தயவுசெய்து' ஒன்பது முறை வருகிறது, எண்ணிப் பார்த்தேன். பணிவுக்குப் பஞ்சமே இல்லை. மறு அழைப்புகளைக் கொண்டுவருவது மூன்றாம் பக்கத்தில் இருக்கும் ஒரு வரி என்று நினைக்கிறேன். பணத்தைப் பற்றிய அந்த வரியை முதலில் பார்த்துவிடுவோம். மரியாதையைப் பிறகு பேசலாம்.

உங்கள் மாதிரி வாடிக்கையாளரின் மாதக் கட்டணம் 600. அரசு வரியைக் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்வோம். 19-ஆம் தேதியிலிருந்து பில் ஓடத் தொடங்கியது. மாதத்துக்கு 30 நாள், எனவே அந்த மாதத்தில் 12 நாள். நாளுக்கு 20 வீதம் 240. அதோடு அடுத்த மாதத்துக்கான 600 சேர்ந்து முதல் பில் 840. ஆனால் இணைப்பு உண்மையில் 22-ஆம் தேதிதான் வேலை செய்யத் தொடங்கியது. அவர் அழைத்துக் கேட்கிறார். ஊழியர் சரிபார்த்து, மூன்று நாளுக்கான 60-ஐக் குறைக்க ஒப்புக்கொண்டு, ஸ்கிரிப்டில் உள்ளபடி சொல்கிறார்: "60 உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும்."

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இப்போது மறுமுனையில் இருப்பவரின் காதால் கேளுங்கள். பில்லிங் மென்பொருளில் அக்கவுண்ட் என்றால் நிறுவனத்தில் அந்த வாடிக்கையாளரின் பெயரில் இருக்கும் பதிவு. கிரெடிட் என்றால் அந்தப் பதிவில் தொகையைக் குறைத்துக் காட்டுவது. தமிழில் பணத்தைப் பற்றிய பேச்சில் 'உங்கள் கணக்கு' என்றதும் மனம் நேராக வங்கிக்குத்தான் போகும். வரவு என்றால் பணம் வந்து சேர்வது. ஆக அவர் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும் என்று ஒரு வாரம் காத்திருக்கிறார். வரவில்லை. அழைக்கிறார். இது முதல் மறு அழைப்பு.

இன்னொரு வகையாகப் புரிந்துகொள்பவரின் நிலை இதைவிட மோசம். '60 குறைந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு அவர் 780 மட்டும் கட்டுகிறார். ஆனால் குறைப்பு அடுத்த பில்லில்தான் வரும் என்பதால் இந்த பில்லில் 60 பாக்கி நிற்கிறது. கடைசித் தேதி தாண்டியதும் அந்த 60-க்குத் தாமதக் கட்டணம் விழுகிறது. நீங்கள் செய்த தவற்றைச் சரிசெய்யப் போய் அவருக்கு அபராதம் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது அழைப்பில் அவர் எந்தக் குரலில் பேசுவார் என்று உங்களுக்கே தெரியும்.

திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தபோது இது ஏன் பிடிபடவில்லை? பிடிபடாது. 'கணக்கில் வரவு வைக்கப்படும்' என்பதைத் திருப்பினால் அச்சு அசலாக அதே ஆங்கில வாக்கியம்தான் வரும். திருப்புபவர் இரண்டு மொழியும் அறிந்தவர், பில்லிங்கும் அறிந்தவர். தமிழ் வரியைப் பார்த்ததுமே அதன் பின்னால் உள்ள ஆங்கிலம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வாடிக்கையாளருக்கு அந்த வசதி கிடையாது. விடுபட்ட வரிகளையும் மாறிப்போன எண்களையும் கண்டுபிடிக்கத் திருப்பு மொழிபெயர்ப்பு நல்ல கருவி. சொல் சரியாகவும் புரிதல் தவறாகவும் இருக்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்காது.

இந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்துக்காகத் தயாரித்த முதல் தமிழ் ஸ்கிரிப்டில் இதே வாக்கியத்தை வைத்து, நல்ல தமிழ் என்று பெருமைப்பட்டும் கொண்டேன். பதிவான அழைப்புகளைக் கேட்கும் பழக்கம் அன்று எனக்கு இல்லை.

மாற்றி இப்படி எழுதுங்கள்: "இந்த பில்லில் 840-ஐ முழுவதுமாகக் கட்ட வேண்டும். மூன்று நாளுக்கான 60-ஐ அடுத்த பில்லில் கழித்துவிடுவோம். அதனால் அடுத்த பில் 600-க்குப் பதிலாக 540 வரும்." கடைசி வாக்கியம்தான் உயிர்நாடி. அடுத்த மாதம் பில்லைத் திறந்ததும் அவர் தேடப் போகும் எண் 540. அது கண்ணில் பட்டால் அழைக்க மாட்டார். உண்மையிலேயே வங்கிக்குப் பணம் திரும்புவதாக இருந்தால் அதற்கு வேறு வரி வேண்டும்: "நீங்கள் எந்த வங்கிக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ, அந்தக் கணக்குக்கே 60 திரும்பி வரும்." ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் இரண்டையும் சமாளித்துவிடுகிறார்கள் என்பதற்காகத் தமிழிலும் ஒரே வரியை வைக்காதீர்கள்.

'தள்ளுபடி' என்ற சொல்லையும் ஒருமுறை பாருங்கள். தாமதக் கட்டணத்தை நீக்குவதற்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது ஓரளவு பொருந்தும். ஆனால் அடுத்த பக்கத்தில் வாடிக்கையாளரின் புகாரைப் பற்றிய பத்தியிலும் அதே சொல் வருகிறது. நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி ஆனால் தோற்றுவிட்டோம் என்று பொருள். கடையில் தள்ளுபடி என்றால் விலை குறைந்திருக்கிறது என்று பொருள். போனில் கேட்பவர் இதில் எதை எடுத்துக்கொள்வார்? 'தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டேன்' என்றால் போதும்.

அடுத்தது, பில் ஏன் 840 என்று விளக்கும் வரி. நீங்கள் எழுதியிருப்பது: "இணைப்பு செயல்படுத்தப்பட்ட தேதியிலிருந்து பில்லிங் சுழற்சியின் இறுதி வரையிலான 12 நாட்களுக்குரிய விகிதாசாரக் கட்டணமான 240-உம், முன்பணமாக வசூலிக்கப்படும் அடுத்த மாதக் கட்டணமான 600-உம் சேர்த்து 840 விதிக்கப்பட்டுள்ளது." ஆங்கில மூலத்தில் 840 முதலில் வந்துவிடுகிறது, காரணங்கள் அதன் வாலில் தொங்குகின்றன. தமிழில் வினை கடைசியில் வருவதால் எல்லாக் காரணங்களும் முன்னால் போய் அடைத்துக்கொள்கின்றன, 840 கடைசியில் வந்து சேர்கிறது. தாளில் படிப்பவர் கண்ணைத் திருப்பி முன்னால் போகலாம். போனில் கேட்பவர் எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே இருபது சொற்களைச் சுமக்க வேண்டும். அவர் எரிச்சலாகிப் பாதியில் குறுக்கிடுகிறார் என்றீர்களே, பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும்.

உடைத்துவிடுங்கள். "உங்கள் பில் 840. இதில் இரண்டு தொகைகள் சேர்ந்திருக்கின்றன. போன மாதம் 19-ஆம் தேதி முதல் 12 நாளுக்கு 240. இந்த மாதத்துக்கு 600. நமது திட்டத்தில் மாதக் கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும்." இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதும்போது 'முன்பணம்' என்ற சொல்லையும் 'அட்வான்ஸ்' என்ற சொல்லையும் வேண்டுமென்றே தவிர்த்தேன். இரண்டுமே பிற்பாடு திரும்பி வரும் பணம் என்ற எண்ணத்தைத் தரும். வைப்புத்தொகை என்று நினைத்துக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்கும் நாளில் அதைத் திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. விகிதாசாரமோ பள்ளிக் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிட்ட சொல். '12 நாளுக்கு 240' என்றாலே விகிதம் விளங்கிவிடுகிறது.

தொகையை வாயால் சொல்லும்போது ஒரு சிறு எச்சரிக்கை. லைன் சரியில்லாதபோது எண்ணூறும் தொண்ணூறும் ஒன்றுபோலக் கேட்கும். வால் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் 'எண்ணூற்று நாற்பது' என்று சொன்ன கையோடு 'எட்டு, நான்கு, பூஜ்யம்' என்றும் சொல்லப் பழக்குங்கள். வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் எண் சொன்னால் ஊழியரும் ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லட்டும். எண் விஷயத்தில் மொழிப்பற்று காட்ட வேண்டியதில்லை.

'கடைசித் தேதி 15-க்குள்' என்ற தொடரும் எனக்குப் பிடிக்கவில்லை. 15 சேருமா, சேராதா? 'இந்த மாதம் 15-ஆம் தேதி இரவு வரை கட்டலாம்' என்றால் கேள்வியே எழாது. உங்கள் நிறுவனத்தின் விதி வேறாக இருந்தால் அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

'விதிக்கப்பட்டுள்ளது' என்ற வினைக்கு வருகிறேன். யார் செய்தார் என்பதை மறைக்க ஆங்கில ஸ்கிரிப்டுகள் செயப்பாட்டு வினையை விரும்புகின்றன. அதை அப்படியே தமிழில் கொண்டுவந்தால் நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல ஒலிக்கிறது: விதிக்கப்பட்டுள்ளது, வசூலிக்கப்படும், துண்டிக்கப்படும். மறைப்பதற்குத் தமிழில் மென்மையான வழி ஏற்கெனவே இருக்கிறது: பில் வந்திருக்கிறது, கட்டணம் சேர்ந்திருக்கிறது, தேதி தாண்டியிருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லாத வினைகள் இவை. வாடிக்கையாளரின் தவற்றைச் சொல்லும்போது இவையே சிறந்தவை. 'நீங்கள் பாக்கி வைத்திருக்கிறீர்கள்' என்பது கடன்காரரைக் கேட்பதுபோல் இருக்கும். 'போன மாதத்தில் 60 பாக்கி இருக்கிறது' என்றால் அதுவே வெறும் செய்தி ஆகிவிடுகிறது.

ஆனால் தவறு நிறுவனத்தினுடையது என்றால் இந்த வினைகளின் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். 'மூன்று நாள் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது' என்றால், ஏதோ காற்றில் பறந்துவந்து ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது. 'மூன்று நாள் கூடுதலாகச் சேர்த்துவிட்டோம்' என்று சொல்லுங்கள். அந்த 'விட்டோம்' என்பதிலேயே வருத்தம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனியாக மன்னிப்புச் சொல் தேவைப்படும்.

நாம், நாங்கள் வேறுபாட்டையும் இங்கே கவனியுங்கள். ஆங்கில 'வீ' கேட்பவரையும் உள்ளே இழுக்கலாம், வெளியே நிறுத்தலாம். தமிழில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 'சேர்த்துவிட்டோம்' என்பதற்கு எழுவாய் நாங்கள்தான். உங்கள் ஸ்கிரிப்டில் ஓரிடத்தில் 'நாம் உங்களிடம் கூடுதலாக வசூலித்துள்ளோம்' என்று இருக்கிறது. பணத்தைக் கொடுத்தவரையே வசூலித்தவர்களின் பக்கம் சேர்த்துவிட்டீர்கள்! 'நமது திட்டம்', 'பில்லை ஒருமுறை பார்த்துவிடுவோம்' போன்ற இடங்களில் சேர்த்துக்கொள்ளும் வடிவம் இதமாக இருக்கும். பணம் கை மாறும் இடத்தில் மட்டும் எல்லை தெளிவாக இருக்கட்டும்.

இனி உங்கள் ஒன்பது 'தயவுசெய்து'. ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' இல்லாத ஏவல் முரட்டுத்தனமாக இருப்பதால் அங்கே அது வேண்டும். தமிழில் 'சொல்லுங்கள்', 'பாருங்கள்' என்பதன் விகுதியிலேயே மரியாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'தயவுசெய்து' சேர்ந்தால் கெஞ்சுவது போலவோ, பொறுமை இழந்து பல்லைக் கடிப்பது போலவோ கேட்கிறது. எது என்பது ஊழியரின் குரலைப் பொறுத்தது, அதை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. வாடிக்கையாளரை வழக்கத்தைவிட அதிக நேரம் காக்க வைக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் 'கொஞ்சம்' அந்த வேலையைச் செய்யும்: 'பில் எண்ணைக் கொஞ்சம் சொல்லுங்கள்.' 'காத்திருக்கவும்', 'செலுத்தவும்' என்ற வடிவங்களை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அவை பலகைக்கும் படிவத்துக்கும் உரியவை. எதிரில் ஓர் ஆள் இருப்பதாகவே அவற்றுக்குத் தெரியாது. 'சிரமத்திற்கு வருந்துகிறோம்' என்பதும் தோண்டிப்போட்ட சாலையின் ஓரத்தில் நிற்கும் வாசகம்தான்.

'ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன்' என்பதை 'உங்கள் விரக்தியைப் புரிந்துகொள்கிறேன்' என்று ஆக்கியிருக்கிறீர்கள். விரக்தி என்பது வாழ்க்கையே வெறுத்துப்போன நிலை. 840 பில்லுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மற்றவர் மனநிலைக்கு அவர் முகத்துக்கு நேரே பெயர் வைப்பதைத் தமிழ்ப் பேச்சு அவ்வளவாக விரும்புவதில்லை. அனுபவமுள்ள ஊழியர்கள் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு 'நீங்கள் கேட்பது நியாயம்தான்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். காதுக்கு இனிமையான வாக்கியம், ஆனால் ஆபத்தானது. நியாயம் என்று சொன்ன பிறகு தொகையைக் குறைக்க முடியாது என்றால், 'நியாயம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்' என்று அவர் பிடித்துக்கொள்வார், அழைப்பின் பதிவும் அவர் பக்கம் நிற்கும். சரிபார்த்து முடிக்கும் வரை, 'முதல் பில்லே 840 என்று வந்தால் யாருக்கும் கேள்வி வரத்தான் செய்யும், பார்த்துவிடுகிறேன்' என்பது போதும். அவர் கேட்டதில் தப்பில்லை என்றாகிறது. தொகை தவறு என்று ஒப்புக்கொண்டதாகவும் ஆகவில்லை.

ஸ்கிரிப்டை எழுத்து வடிவத்தில் தரலாமா, பேச்சு வடிவத்தில் தரலாமா என்று உங்கள் குழுவில் வாக்குவாதம் நடந்திருக்கும். எல்லாக் குழுவிலும் நடக்கிறது. நான் எழுத்து வடிவத்தையே தருவேன். எந்த ஊர்ப் பேச்சு என்ற சண்டை அதில் இல்லை, புதிதாகச் சேர்ந்தவரும் தடுமாறாமல் படிப்பார். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சோதனை வைப்பேன். 'சொல்லுங்கள்', 'கட்டியிருக்கிறீர்கள்' போன்றவற்றைப் படிக்கும்போது ஊழியரின் வாய் அவற்றைத் தானாகவே தன் பேச்சுக்கு வளைத்துக்கொள்ளும். 'தெரிவித்துக்கொள்கிறோம்', 'மேற்கொள்ளப்பட்டுள்ளது' ஆகியவை எந்த வாயிலும் வளையாது, ஏனென்றால் பேச்சில் அவற்றுக்கு இடமே இல்லை. வளையாத சொல்லை எடுத்துவிட்டு வளையும் சொல்லை வையுங்கள்.

மறுதிசையில், தமிழில் நடந்த பேச்சை ஊழியர் ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் இடத்திலும் கோளாறு உண்டு. விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே வாடிக்கையாளர் 'சரி... சரி...' என்கிறார். ஊழியர் 'அக்ரீட்' என்று பதிந்துவிடுகிறார். அந்தச் 'சரி'க்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்றுதான் பொருள். ஒப்புதல் வேண்டுமென்றால் வினையோடு பதில் வரும்படி கேட்க வேண்டும்: 'அடுத்த பில்லில் கழிக்கட்டுமா, வங்கிக்கே திருப்பி அனுப்பட்டுமா?' 'பில்லில் கழியுங்கள்' என்று அவர் சொன்ன பிறகுதான் அது ஒப்புதல். ஊழியர் சொல்லும் 'பார்க்கிறேன்' இதற்கு நேர் எதிர். ஊழியர் முடிந்தால் பார்ப்போம் என்ற பொருளில் சொல்வார். கேட்பவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு காத்திருப்பார். 'இன்று மாலைக்குள் பார்த்து, முடியுமா முடியாதா என்று குறுஞ்செய்தி அனுப்புகிறேன்' என்று முழுதாகச் சொல்லட்டும். அனுப்ப முடியாது என்றால் அந்தச் சொல்லே வேண்டாம்.

திருத்திய பிறகு திருப்பு மொழிபெயர்ப்புக்கு அனுப்புவதற்கு முன்னால் வேறொரு சோதனை செய்யுங்கள். பில்லிங் தெரியாத ஒருவரை, கணக்குப் பிரிவிலோ தரக் கட்டுப்பாட்டிலோ இல்லாத ஒருவரை, வேறு அறையில் உட்கார வைத்து உண்மையான போனில் ஸ்கிரிப்டைப் படித்துக் காட்டுங்கள். கையில் தாளும் பேனாவும் கொடுக்க வேண்டாம். முடிந்ததும் மூன்றே கேள்விகள்: இப்போது எவ்வளவு கட்டுவீர்கள், எப்போது வரை கட்டலாம், அடுத்த பில் எவ்வளவு வரும்? 840, 15-ஆம் தேதி இரவு, 540 என்று தயங்காமல் வந்தால் அந்தப் பக்கம் தேறியது. 780 என்று ஒருவர் சொன்னாலும் எந்த வரியில் அவருக்கு அப்படித் தோன்றியது என்று கேட்டு அந்த வரியை மாற்றுங்கள். ஐந்தாறு பேரிடம் கேட்டாலே தேவையானது கிடைத்துவிடும்.

தரக் கட்டுப்பாட்டின் மதிப்பெண் தாளையும் கூடவே மாற்ற வேண்டியிருக்கும். 'ப்ளீஸ் சொன்னாரா', 'மன்னிப்புக் கேட்டாரா' என்ற கட்டங்கள் ஆங்கிலத்தாளில் இருந்தபடியே இருந்தால், நீங்கள் எடுத்துவிட்ட ஒன்பது 'தயவுசெய்து'வும் மதிப்பெண்ணுக்காக அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும். அந்தக் கட்டத்தில் 'அடுத்த பில்லின் தொகையைச் சொன்னாரா' என்று எழுதுங்கள்.

அழைப்பு பதிவாகிறது என்று சொல்லும் தொடக்க வரியை மட்டும் நான் தொடவில்லை. 'பதிவு செய்யப்படலாம்' என்பதில் உள்ள 'லாம்' அனுமதியா சாத்தியமா என்ற குழப்பம் இருக்கிறதுதான், ஆனால் அதை மாற்றுவது உங்கள் சட்டப் பிரிவின் கையில் இருக்கிறது. 'பதிவாகிறது' என்ற வடிவத்தை அவர்களிடம் காட்டி, ஒப்புக்கொண்டால் மாற்றுங்கள்.